ஐந்து புளியங்கொட்டை, பன்னிரண்டு நிமிடம்: டிஸ்கால்குலியா உள்ள குழந்தையிடம் எண்ணுணர்வை வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

மூன்று புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்து "எத்தனை?" என்று கேட்டால், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் பெரும்பாலோர் எண்ணாமலேயே "மூணு" என்று சொல்லிவிடுவார்கள். நான்கு வரையிலான பொருள்களை ஒரே பார்வையில் அறிந்துகொள்ளும் திறன், யாரும் கற்றுக்கொடுக்காமலே வந்துவிடுவதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. டிஸ்கால்குலியா எனப்படும் கணிதக் கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளில் பலர் அந்த மூன்றையும் விரல் வைத்துத்தான் எண்ணுகிறார்கள். எண்ணி முடித்து "மூணு" என்று சொன்ன பிறகு, அதே கொட்டைகளை நாம் சற்றுத் தள்ளி வைத்து "இப்போ எத்தனை?" என்று கேட்டால், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். அப்படிப்பட்ட குழந்தை ஐந்தாம் வாய்ப்பாட்டைப் பாட்டுப்போல ஒப்பிக்கவும் கூடும். ஆனால் அந்தப் பாட்டில் வரும் "அஞ்சு" என்ற சொல்லுக்கும் தரையில் கிடக்கும் ஐந்து கொட்டைகளுக்கும் அதன் மனத்தில் உறுதியான தொடர்பு இருக்காது.

எண்ணுணர்வு என்று நான் சொல்வது அந்தத் தொடர்பைத்தான். அதை உண்டாக்கும் முதல் கட்டத்தை மட்டுமே இந்தக் கட்டுரை விளக்குகிறது. இரண்டாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரையுள்ள ஒரு குழந்தையோடு தனியாக அமரக்கூடிய ஆசிரியரையோ பெற்றோரையோ மனத்தில் வைத்து எழுதுகிறேன். பத்துக்குள் உள்ள எண்களைத் தாண்டி நாம் அதிகம் போகப்போவதில்லை. "நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்துக்குள்ளேயா?" என்று பெற்றோர் கேட்பார்கள். எட்டு என்பது ஐந்தும் மூன்றும் சேர்ந்தது என்று தெரியாத குழந்தைக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைச் சொல்லிக்கொடுப்பது, அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை, பொருள் புரியாத சடங்கை மனப்பாடம் செய்ய வைப்பதுதான்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதல் நாள் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். மூன்று காரியங்களை மட்டும் செய்து பாருங்கள். உள்ளங்கையில் மூன்று கொட்டைகளை வைத்து, கண் இமைக்கும் நேரம் காட்டி மூடிவிட்டு எத்தனை என்று கேளுங்கள். பிறகு எட்டுக் கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள், எண்ணி முடித்ததும், அதே எட்டையும் வட்டமாக மாற்றி வைத்து "இப்போது எத்தனை?" என்று கேளுங்கள். கடைசியாக "இதில் ஆறு எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு என்று வரிசை தவறாமல் சொல்லும் குழந்தைகூட, ஆறைத் தாண்டியும் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எண்ணும்போது கடைசியாகச் சொல்லும் சொல்தான் மொத்த எண்ணிக்கை என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை என்பதற்கு இது அடையாளம்.

இந்த மூன்றும் குறைபாட்டை உறுதிசெய்யும் சோதனைகள் அல்ல. எங்கிருந்து தொடங்குவது என்பதைத்தான் இவை காட்டும். பார்வைக் குறைவு, கேட்பதில் சிக்கல், நீண்ட நாள் பள்ளிக்கு வராமல் இருந்தது, வீட்டில் வேறு மொழி பேசுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருந்தாலும் விடைகள் இப்படியே வரலாம். ஆகவே அவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். முறையான மதிப்பீட்டை அதற்குரிய வல்லுநர்தான் செய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கால்குலியாவைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுவதால், அந்த மதிப்பீட்டைக் கோருவதற்குப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. ஆனால் சான்றிதழ் வரும்வரை கொட்டைகளைத் தொடாமல் காத்திருக்கவும் தேவையில்லை.

பொருள்கள்

பத்துப் புளியங்கொட்டைகள், ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு முட்டை அட்டை, கோடு போடாத ஒரு நோட்டு ஆகியவை போதும்.

கொட்டைகளைத் தாய விளையாட்டுக்குச் செய்வதுபோல ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும்படி செய்துகொள்ளுங்கள். இப்போது ஒவ்வொரு கொட்டைக்கும் கறுப்புப் பக்கமும் வெள்ளைப் பக்கமும் உண்டு. கடையில் விற்கும் இரு வண்ண வில்லைகள் செய்யும் வேலையை இவை காசில்லாமல் செய்யும். ஒரு முட்டை அட்டையில் பொதுவாக முப்பது குழிகள், ஐந்து குழிகள் கொண்ட ஆறு வரிசைகளாக இருக்கும். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் மேலே ஐந்தும் கீழே ஐந்துமாகப் பத்துக் குழிகள் கொண்ட மூன்று துண்டுகள் கிடைக்கும். சத்துணவுக் கூடத்தில் கேட்டால் காலி அட்டை எப்போதும் கிடைக்கும்.

கரடி பொம்மை, பழ பொம்மை, பல வண்ண மணிகள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றைப் பார்க்கும் குழந்தை எத்தனை என்பதைப் பார்க்காது. எது அழகு என்பதைப் பார்க்கும். வாரத்துக்கு ஒரு புதுப் பொருளைக் கொண்டுவரும் உற்சாகமான ஆசிரியர், தன்னை அறியாமலே குழந்தையை வாரந்தோறும் முதல் நாளுக்குத் திருப்பி அனுப்புகிறார். குறைந்தது ஒரு மாதம் அதே கொட்டை, அதே டம்ளர்.

அன்றாடப் பன்னிரண்டு நிமிடம்

வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்காருவதைவிடப் பள்ளி நாள்தோறும் பன்னிரண்டு நிமிடம் உட்காருவது நல்லது. நேரம், இடம், வரிசை, நாம் சொல்லும் வாக்கியம் ஆகிய நான்கும் மாறாமல் இருக்க வேண்டும். எண்களைக் கையாளும்போது இந்தக் குழந்தைகளின் நினைவில் எஞ்சியிருக்கும் இடம் மிகக் குறைவு. அடுத்து என்ன கேட்கப்போகிறார்களோ என்ற கவலையும், புதுப்புது வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் வேலையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் எண்ணுக்கு இடம் இருக்காது. அதனால்தான் நான் எப்போதும் ஒரே நான்கு சொற்றொடர்களைச் சொல்கிறேன்: "பார்த்துச் சொல்", "வீசு", "மறைக்கிறேன்", "எழுது". மூன்றாம் நாளிலிருந்து குழந்தையே அடுத்தது என்ன என்று சொல்லத் தொடங்கிவிடும்.

முதலில், பார்த்துச் சொல்; இதற்கு இரண்டு நிமிடம். உள்ளங்கையில் ஒன்று முதல் நான்கு வரையிலான கொட்டைகளை ஒரு நொடி காட்டி மூடுகிறோம். தவறாகச் சொன்னால் கையைத் திறந்து, குழந்தையே பார்க்கும்படி விடுகிறோம். நம் பாட்டிமார் பல்லாங்குழியில் காலிக் குழியில் சேர்ந்த நான்கு முத்துகளைப் பார்த்தவுடன் "பசு" என்று அள்ளிக்கொண்டதும் இந்தத் திறனால்தான். அவர்கள் யாரும் நான்கை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

அடுத்து, வீசு; நான்கு நிமிடம். குழந்தை ஐந்து கொட்டைகளைக் கையில் குலுக்கித் தரையில் போடுகிறது. "வெள்ளை எத்தனை? கறுப்பு எத்தனை? மொத்தம் எத்தனை?" என்று மூன்றே கேள்விகள். வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு, மொத்தம் ஐந்து. அடுத்த வீச்சில் வெள்ளை ஒன்று, கறுப்பு நான்கு, மொத்தம் மறுபடியும் ஐந்து. மொத்தம் மாறவில்லை என்பதை நாம் சொல்லக் கூடாது. குழந்தை அதைக் கண்டுபிடிக்கும் நாள் வரும். ஐந்தும் வெள்ளையாக விழும் அபூர்வமான வீச்சில் "கறுப்பு எத்தனை?" என்று கேட்கத் தவறாதீர்கள். "ஒண்ணுமில்ல" என்ற விடைக்குத்தான் பூஜ்யம் என்று பெயர் என்பதைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

மூன்றாவது, மறைக்கிறேன், இதற்கும் நான்கு நிமிடம். என் அனுபவத்தில் எண்ணுணர்வு உண்மையில் வளர்வது இந்த இடத்தில்தான். ஐந்து கொட்டைகள் இருப்பதைக் குழந்தை பார்த்த பிறகு, சிலவற்றின் மேல் டம்ளரைக் கவிழ்த்து, "வெளியே மூன்று. உள்ளே எத்தனை?" என்று கேட்கிறோம். குழந்தை சொன்னதும் டம்ளரைத் தூக்கிப் பார்ப்பது குழந்தையின் கையாகவே இருக்க வேண்டும். சரி, தப்பு என்று நாம் சொல்லத் தேவையே இல்லை, கொட்டை சொல்லிவிடும். தவறான விடைக்காக முகம் சுருங்கப் பழகிப்போன குழந்தைக்கு, ஆசிரியரின் முகத்தைப் பார்க்காமல் கொட்டையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு கிடைக்கிறது.

கடைசியாக, எழுது, இரண்டு நிமிடம். அன்று நடந்த வீச்சுகளில் ஒன்றைக் குழந்தை நோட்டில் வட்டங்களாக வரைகிறது: மூன்று வெற்று வட்டம், இரண்டு நிரப்பிய வட்டம். அதன் கீழே 3 + 2 = 5 என்று எழுதுகிறது. மறுநாள் அதையே 5 = 3 + 2 என்று எழுதச் சொல்லுங்கள். சமக்குறி என்றால் "இங்கே விடையை எழுது" என்று பொருள் என்ற தவறான எண்ணம் வேரூன்றாமல் இருக்க இந்த மாற்று வரிசை உதவும்.

ஒரு மாணவியின் ஏழு வாரம்

என்னிடம் வந்த மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முதல் வாரத்தில் ஐந்து கொட்டைகளையும் ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் ஒன்றிலிருந்து எண்ணினாள். மொத்தம் எத்தனை என்று பத்து முறை கேட்டால் பத்து முறையும் எண்ணினாள். டம்ளருக்குள் ஒன்றை மறைத்தபோது "தெரியல டீச்சர், மூடிட்டீங்களே" என்றாள். அவளைப் பொறுத்தவரை கண்ணுக்குத் தெரியாத கொட்டைக்கு எண் கிடையாது.

டம்ளரை முழுதாகக் கவிழ்ப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் மெல்லிய வெள்ளைத் துணியைப் போட்டேன். கொட்டைகளின் மேடு துணிமேல் தெரிந்தது. தடவிப் பார்த்துச் சொன்னாள். பிறகு மறுபடியும் டம்ளர். ஒன்றை மட்டும் மறைத்தேன். அது பிடிபட்ட பிறகே இரண்டை மறைத்தேன். இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு வீச்சு முடிந்ததும், நான் கேட்கும் முன்பே, "டீச்சர், மொத்தத்த கேக்காதீங்க, அது அஞ்சுதான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்த ஐந்தை ஒருமுறையும் எண்ணவில்லை.

ஐந்தை விட்டு நகரலாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது: தொடர்ந்து மூன்று நாள், உதடும் விரலும் அசையாமல், மூன்று நொடிக்குள் மறைந்த எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். அவள் அந்த இடத்துக்கு வர நான்காம் வாரம் ஆயிற்று. வேறொரு குழந்தைக்கு எட்டு வாரம் ஆனதும் உண்டு.

பிறகு முட்டை அட்டைக்குப் போனோம். மேல் வரிசையை இடமிருந்து வலமாக நிரப்பி முடித்த பிறகே கீழ் வரிசையைத் தொட வேண்டும் என்பது மாற்றமில்லாத விதி. மேலே ஐந்தும் கீழே இரண்டும் இருந்தால் ஏழு. மேல் வரிசை நிறைந்திருப்பதைப் பார்த்தால் ஐந்து என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே அவள் அறிய வேண்டியது கீழே இருக்கும் இரண்டை மட்டும்தான். தொடக்கத்தில் கொட்டைகளுக்குப் பதிலாகக் குழிகளை எண்ணி, எதை வைத்தாலும் பத்து என்றாள். இது பல குழந்தைகளும் செய்யும் தவறு. காலிக் குழிகளை ஒரு அட்டைத் துண்டால் சில நாள் மறைத்து வைத்தால் தீரும். தீர்ந்த பிறகு அந்தத் துண்டை எடுத்துவிட்டு, "எத்தனை குழி காலி?" என்ற கேள்வியைச் சேர்த்தேன். ஏழு இருந்தால் மூன்று காலி. பத்துக்கு இன்னும் எவ்வளவு என்ற இந்த ஒரு விடையில்தான் பின்னால் வரும் கூட்டல், கழித்தல் எல்லாம் நிற்கிறது.

ஐந்தாம் வாரத்தில் ஒரு சிக்கல் தெரியவந்தது. நோட்டில் 3 + 4 என்று எழுதிக் கேட்டால் 6 என்றாள். 5 + 3 என்றால் 7 என்றாள். எப்போதும் ஒன்று குறைந்தது. இப்படித் தவறு ஒரே மாதிரியாக வந்தால் கவனக்குறைவு என்று தள்ளிவிடாமல், சத்தமாகச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். அவள் நான்கு விரலை ஒவ்வொன்றாக நீட்டி "மூணு, நாலு, அஞ்சு, ஆறு" என்றாள். கையில் ஏற்கெனவே இருக்கும் மூன்றையே முதல் விரலாக எண்ணிவிட்டாள். தாயம் விளையாடும் சிறுவர்கள் காய் நிற்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ணி, ஒரு கட்டம் பின்தங்குவதும் இதே தவறுதான்.

அதனால் திருத்தமும் கட்டத்திலேயே செய்தேன். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய பத்துக் கட்டங்களை ஒரே நேர்க்கோட்டில் வரைந்தேன். மூன்றில் ஒரு கொட்டையை வைத்து, நான்கு கட்டம் தாண்ட வேண்டும். தாண்டும்போது "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லக் கூடாது. கால் வைக்கும் கட்டத்தின் எண்ணையே "நாலு, அஞ்சு, ஆறு, ஏழு" என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணிட்ட நேர்க்கோட்டுப் பலகையில் இப்படி விளையாடிய மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு எண் அறிவு கூடியது; எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும் இருந்த பலகையில் விளையாடியவர்களுக்குக் கூடவில்லை. அந்தக் குழந்தைகள் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே தவிர டிஸ்கால்குலியா உள்ளவர்கள் அல்லர். ஆயினும் கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்வது என்ற அந்த ஒரு நுணுக்கம் எங்களுக்கும் பயன்பட்டது. பரமபதத்தை இந்தக் கட்டத்தில் கொண்டுவர வேண்டாம். ஒரு வரிசை வலப்பக்கமும் அடுத்த வரிசை இடப்பக்கமுமாக வளைந்து போவது இந்தக் குழந்தைகளைக் குழப்பிவிடும். ஏழாம் வாரம் 3 + 4க்கு ஏழு என்றாள். எப்படி என்று கேட்டால் "மூணும் ரெண்டும் அஞ்சு, இன்னும் ரெண்டு" என்றாள். நான் சொல்லிக்கொடுக்காத வழி அது.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

பெரும்பாலும் தவறுவது கொட்டை ஊன்றுகோலாகிவிடும் இடத்தில். குழந்தை ஒவ்வொரு கணக்குக்கும் கொட்டைகளைக் குவித்து, எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணிச் சரியான விடையை எழுதிக்கொண்டே இருக்கும். விடைத்தாளைப் பார்ப்பவர்கள் மகிழ்வார்கள். எண்ணுணர்வு ஓர் அங்குலமும் நகர்ந்திருக்காது. மறைக்கும் படியை விட்டுவிட்டு மற்றதைச் செய்பவர்களுக்கு இது கட்டாயம் நேரும்.

ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் ஒரே ஐந்து கேள்விகளைக் கேட்டுக் குறித்து வைக்கிறேன். விடை சரியா என்பதைவிட விடை வந்த வழியைத்தான் குறிக்கிறேன்: பார்த்தவுடன் சொன்னால் "பா", விரலால் எண்ணினால் "வி", எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணினால் "மு". மூன்று வாரம் தொடர்ந்து "மு" மட்டுமே வந்தால், சரியான விடை எத்தனை இருந்தாலும், எண்ணைக் குறைத்து மூன்றுக்கோ நான்குக்கோ திரும்புகிறேன். விரலை ஒருபோதும் தடுப்பதில்லை. தடுத்தால் மேசைக்கடியில் எண்ணுவார்கள், நமக்குத் தெரியாமல் போய்விடும்.

கடிகாரம் வைத்து விரட்டுவது இன்னொரு கேடு. மூன்று நொடி என்று மேலே சொன்னது நாம் மனத்தில் எண்ணிக்கொள்வதற்கு. குழந்தைக்குத் தெரியவே கூடாது. பத்து வாரத்துக்குப் பிறகும் மூன்று கொட்டைகளை எண்ணாமல் சொல்ல வரவில்லை என்றால், கண் பரிசோதனையும் வல்லுநரின் மதிப்பீடும் இல்லாமல் மேலே போக வேண்டாம். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடும் கவனக் குறைபாடும் இதோடு சேர்ந்து இருப்பது அடிக்கடி காணக்கூடியது. அப்போது முதலில் எதைக் கவனிப்பது என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

பத்தைத் தாண்டும்போது

பத்துக்கு மேல் போகும் நாளில் கொட்டையை விட்டுவிட்டு ஈர்க்குச்சிக்கு மாறுங்கள். பத்துக் குச்சிகளைக் குழந்தையே எண்ணி ரப்பர் வளையம் போட்டுக் கட்டட்டும். நாம் கட்டிக் கொடுத்தால் அதற்குள் பத்து இருப்பதைக் குழந்தை நம்பாது. தமிழ் எண்ணுப்பெயர்கள் இங்கே நமக்குத் துணையாக வருகின்றன. பதினைந்து என்ற சொல்லில் பத்தும் ஐந்தும் அதே வரிசையில் காதில் விழுகின்றன. ஒரு கட்டு, ஐந்து குச்சி. இருபது என்பதில் இரண்டு பத்து கேட்கிறது. ஆங்கிலவழியில் படிக்கும் குழந்தைக்கும் நான் இந்தத் தமிழ்ப் பெயர்களோடுதான் தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் பதினைந்துக்கான சொல்லில் ஐந்து முன்னும் பத்து பின்னும் வருவதால், 15 என்று எழுதச் சொன்னால் 51 என்று எழுதும் குழந்தைகள் உண்டு.

ஆனால் தமிழும் ஓரிடத்தில் வழி மாறுகிறது. எண்பதுக்கு அடுத்துத் தொண்ணூறு வருகிறது. ஒன்பது பத்து என்ற பொருள் அந்தச் சொல்லில் காதுக்குப் பிடிபடுவதில்லை, மாறாக "நூறு" என்ற ஒலிதான் கேட்கிறது. தொண்ணூற்று மூன்றை 903 என்றோ 1003 என்றோ எழுதும் குழந்தையைக் கண்டிக்கும் முன், ஒன்பது கட்டுகளையும் மூன்று குச்சிகளையும் அதன் முன் வைத்து, எத்தனை கட்டு என்று கேளுங்கள். "ஒம்பது கட்டு, மூணு குச்சி" என்று சொன்னதும் அதையே எண்ணால் எழுதச் சொல்லுங்கள். தொண்ணூறு என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.